வாலிபர் ஐக்கியத்தில் முதல் செய்தி: தூரா சமபூமியில் நின்ற மூவரைப் பற்றிப் பேசுவது எப்படி

வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர் ஆராதனை முடிந்ததும் உங்களைப் பிடித்து, "அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு நீங்கள்தான் செய்தி கொடுக்கிறீர்கள். நண்பர்கள் தரும் அழுத்தம், அதுதான் தலைப்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இதற்கு முன் ஜெபம் நடத்தியிருக்கலாம், வேதபகுதி வாசித்திருக்கலாம். செய்தி கொடுத்தது இல்லை. எதிரே உட்காரப்போகிறவர்கள் பிளஸ் ஒன் மாணவர் முதல் வேலைக்குப் போகத் தொடங்கிய இருபத்தைந்து வயதுக்காரர் வரை. அந்த ஒரு செய்தியைத் தயாரித்துப் பேசி முடிக்கும் வழியை இங்கே சொல்கிறேன்.

எந்தக் கதை

தைரியம் என்றதும் பலரும் தாவீது, கோலியாத்தைத்தான் எடுப்பார்கள். இந்தத் தலைப்புக்கு அது பொருந்தாது. கோலியாத் எதிரி; எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவன். நண்பர்களின் அழுத்தம் பக்கத்தில் நிற்கிறவர்களிடமிருந்து வருகிறது. சிங்கக்கெபியில் போடப்பட்ட தானியேலும் நல்ல கதைதான், ஆனால் அங்கே அவன் தன் வீட்டு மேலறையில் தனியாக ஜெபிக்கிறான். ஒரு கூட்டமே ஒரு பக்கமாகச் சாயும்போது அதன் நடுவில் நிற்கும் நிலை அதில் இல்லை.

அந்த நிலை முழுதாக இருப்பது தானியேல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில். நேபுகாத்நேச்சார் ராஜா பொற்சிலை ஒன்றைத் தூரா என்னும் சமபூமியிலே நிறுத்துகிறான். நாட்டின் அதிகாரிகள் எல்லாரும் வரவழைக்கப்படுகிறார்கள். வாத்தியங்கள் முழங்கியதும் விழுந்து பணியாதவன் எரிகிற அக்கினிச்சூளையில் போடப்படுவான் என்று கட்டளை பிறக்கிறது. எல்லாரும் விழுந்து பணிகிறார்கள். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூன்று பேர் மட்டும் பணியவில்லை. சூளையில் போடப்படுகிறார்கள், ஆனால் நெருப்பு அவர்களைச் சேதப்படுத்தவில்லை. ராஜாவை எதிர்க்க வேண்டும் என்று அவர்கள் அங்கே வரவில்லை. அலுவலின் பேரில் வந்தார்கள், உடன் வேலை செய்பவர்களோடு நின்றார்கள். வகுப்பறையும் விடுதியும் அலுவலகமும் இதே மாதிரிதான் என்பதால் இந்த அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அதிகாரத்தை மூன்று தடவை வாசியுங்கள்

கதை தெரியும் என்ற நினைப்பில் பலர் வேதாகமத்தைத் திறப்பதே இல்லை. ஞாயிறு பள்ளியில் கேட்ட கதையும் அச்சில் இருக்கும் அதிகாரமும் ஒன்றல்ல. முதல் தடவை ஒரே மூச்சில் வாசியுங்கள், முப்பது வசனங்கள்தான். இரண்டாம் தடவை சத்தமாக வாசியுங்கள். அப்போது ஒன்று காதில் விழும். "எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை, சுரமண்டலம், தம்புரு" என்ற வாத்தியப் பட்டியல் 5, 7, 10, 15 ஆகிய வசனங்களில் ஏறக்குறைய அப்படியே திரும்பத் திரும்ப வருகிறது. அதிகாரிகளின் நீண்ட பட்டியலும் அப்படியே: தேசாதிபதிகள், அதிகாரிகள், தலைவர்கள், நியாயாதிபதிகள், பொக்கிஷக்காரர் என்று நீள்கிறது. எழுதியவர் இதைச் சுருக்கியிருக்கலாம். சுருக்காததால்தான் அந்தக் கூட்டத்தின் எடை வாசிக்கிறவர்மேலும் இறங்குகிறது. கூட்டம் பெரிது, சத்தம் பெரிது, ஒரே வேளையில் எல்லாரும் ஒரே செயலைச் செய்கிறார்கள். யோசிக்க இடைவெளியே இல்லை.

மூன்றாம் தடவை ஒரு பென்சிலோடு வாசியுங்கள். அந்த மூவர் செய்ததையும் செய்யாததையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தவில்லை. பக்கத்தில் பணிந்தவரைக் கண்டிக்கவில்லை. சிலையை உடைக்கவில்லை. அவர்கள் வாய் திறப்பதே ராஜா நேரில் கேட்ட பிறகு, 16 முதல் 18 வரையுள்ள மூன்று வசனங்களில் மட்டும்தான். அதுவரை அவர்களைப் பற்றிப் பேசியவர்கள் கல்தேயரில் சிலர். அவர்கள் ராஜாவிடம் சொன்ன வார்த்தையையும் பாருங்கள்: "பாபிலோன் மாகாணத்தின் காரியங்களை விசாரிக்கும்படி நீர் ஏற்படுத்தின" யூதர் என்கிறார்கள். இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் கிடைத்த பதவி இங்கே உறுத்துகிறது. காட்டிக்கொடுத்தவர்கள் அதே அரசில் வேலை பார்த்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வசனம் அதை நேராகச் சொல்லவில்லை. நீங்களும் ஊகம் என்று சொல்லியே பேசுங்கள்.

அப்படியே முதலாம் அதிகாரத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். அங்கே இதே மூவர், தானியேலோடு சேர்ந்து, ராஜாவின் போஜனத்தை மறுத்துப் பருப்பு முதலான மரக்கறிகளையும் தண்ணீரையும் பத்து நாள் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்க மறுக்கவில்லை. பாபிலோனியப் பெயர்களை வைத்தபோது சண்டை போட்டதாகவும் இல்லை. அரசு வேலையில் சேர்ந்தார்கள், நன்றாகச் செய்தார்கள். எல்லாவற்றையும் மறுத்தவர்கள் அல்ல அவர்கள். எதை மறுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். இதை வாலிபர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். நண்பர்கள் கேட்கும் பாட்டு, அணியும் சட்டை, போகும் சுற்றுலா என எல்லாவற்றையும் அக்கினிச்சூளை ஆக்கிவிட்டால், உண்மையான சூளை வரும்போது அவர்களிடம் பலம் மிஞ்சாது.

பேசுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்

செய்திக்குப் பத்து நாள் முன்பு, ஐக்கியத்தில் ஒரு சிறு பெட்டியையும் துண்டுக் காகிதங்களையும் வையுங்கள். "மனம் ஒப்பாமல், மற்றவர்களுக்காகச் செய்த அல்லது செய்ய நேர்கிற ஒன்றை எழுதுங்கள். பெயர் வேண்டாம்" என்று கேளுங்கள். இதைச் செய்யாமல் பேசுகிறவர்கள் குடி, சிகரெட் என்ற இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். காகிதங்களில் வருவது வேறாக இருக்கும்: ஒருவனைச் சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்யும்போது சிரித்தது, ஆய்வக ரெக்கார்டைப் பார்த்து எழுதியது, தோழியின் காதலுக்காக வீட்டில் பொய் சொன்னது, கடன் வாங்கிக் கைப்பேசி மாற்றியது.

கூட்டத்தில் அந்தக் காகிதங்களை அப்படியே வாசிக்காதீர்கள். சிறிய ஐக்கியத்தில் கையெழுத்தும் சம்பவமும் ஆளைக் காட்டிவிடும். எந்த வகையான நெருக்கடி அதிகம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள மட்டுமே அவை. பார்த்த பிறகு கிழித்துவிடுங்கள். எடுத்துக்காட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த வகைக்குள்ளிருந்து, ஆனால் யாருடைய சம்பவமாகவும் இல்லாமல் அமைத்துக்கொள்ளுங்கள்.

செய்தியின் நடுக்கம்பம்: 18-ஆம் வசனம்

புதிதாகப் பேசுகிறவர் மிக எளிதில் விழும் குழி ஒன்று இருக்கிறது. "அவர்கள் தைரியமாக நின்றார்கள், தேவன் அவர்களைக் காப்பாற்றினார், நீங்களும் நின்றால் உங்களையும் காப்பாற்றுவார்" என்று முடித்துவிடுவது. கேட்கும்போது விசுவாச வார்த்தையாகத்தான் இருக்கும். ஆனால் அதை நம்பி ஒரு பெண் திங்கட்கிழமை வகுப்பில் மறுப்புச் சொல்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். அன்றிலிருந்து யாரும் அவளோடு சாப்பிட உட்காருவதில்லை. மாதம் ஒன்றாகிறது, எதுவும் மாறவில்லை. அவள் எடுக்கும் முடிவு இரண்டில் ஒன்றாக இருக்கும்: தன் விசுவாசம் போதவில்லை, அல்லது தேவன் கைவிட்டுவிட்டார். அந்த இரண்டையும் அவள் மனதில் வைத்தது உங்கள் செய்தி.

மூவர் சொன்னது அது அல்ல. "எங்களைத் தப்புவிக்க வல்லவராயிருக்கிறார்" என்று 17-ஆம் வசனத்தில் சொன்னவர்கள், அடுத்த மூச்சில் இப்படிச் சொல்கிறார்கள்: "விடுவிக்காமற்போனாலும், நாங்கள் உம்முடைய தேவர்களுக்கு ஆராதனை செய்வதுமில்லை, நீர் நிறுத்தின பொற்சிலையைப் பணிந்துகொள்வதுமில்லை." முடிவு என்ன ஆகும் என்று தெரியாமலே தீர்மானம் எடுத்துவிட்டார்கள். அவர்கள் தைரியம் இந்த வசனத்தில்தான் இருக்கிறது; சூளைக்குள் நடந்த அற்புதம் தேவனுடைய செயல், அவர்களுடையது அல்ல. ஆகவே செய்தியின் எடை 18-ஆம் வசனத்தின்மேலேயே இருக்க வேண்டும்.

அந்த மிரட்டல் வெறும் பேச்சல்ல என்பதையும் சொல்லுங்கள். எரேமியா 29-ஆம் அதிகாரம் 22-ஆம் வசனத்தில், பாபிலோன் ராஜா நெருப்பிலே சுட்டுப்போட்ட சிதேக்கியா, ஆகாப் என்ற இரண்டு பேர் வருகிறார்கள். அவர்கள் கள்ளத்தீர்க்கதரிசிகள், அவர்கள் கதை வேறு. ஆனால் நேபுகாத்நேச்சார் ஆட்களை நெருப்பில் போடக்கூடியவன் என்பது சிறையிருப்பிலிருந்த யூதர்களுக்குத் தெரிந்த செய்தி. மூவரும் விளையாட்டாக நிற்கவில்லை.

இதற்குத் துணையாக எபிரெயர் 11-ஐத் திறந்து வையுங்கள். 34-ஆம் வசனம் "அக்கினியின் உக்கிரத்தை அவித்தார்கள், பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்" என்கிறது. மூன்றே வசனம் தள்ளி, 37-இல், அதே விசுவாசத்தையுடைய வேறு சிலர் "பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள்" என்று இருக்கிறது. பட்டயத்துக்குத் தப்பினவர்களும் பட்டயத்தால் இறந்தவர்களும் ஒரே பட்டியலில், ஒரே மரியாதையோடு. இந்த இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். விளக்கம் தேவைப்படாது.

ஏன் மூன்று பேர்

கதையில் இன்னொரு விஷயத்தையும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே நின்றது ஒரு வீரன் அல்ல, மூவர். அதிகாரம் முழுவதும் மூன்று பெயர்களும் சேர்ந்தே வருகின்றன, ஒரு இடத்திலும் ஒருவன் மட்டும் பேசுவதில்லை. 16-ஆம் வசனத்தில் பதில் சொல்வதும் மூவரும்தான். தானியேல் அன்று அங்கே இருந்ததாகவே அதிகாரம் சொல்லவில்லை. அவர்களில் பெயர்பெற்றவன் இல்லாமலே நின்றார்கள்.

இதை வாலிபர்கள் மனதில் பதியவைக்க, சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் அமெரிக்காவில் நடத்திய சோதனையைச் சொல்லலாம். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும். சிறுபிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருக்கும் மாணவர்களில் ஒருவனைத் தவிர மற்ற எல்லாரும் முன்பே பேசிவைத்து, சில சுற்றுகளில் வேண்டுமென்றே ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். உண்மை தெரியாத அந்த ஒருவன் கடைசியில் அல்லது கடைசிக்கு முன்னால் சொல்ல வேண்டும். தனியாக விடை எழுதியபோது நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறு வரவில்லை. கூட்டத்தோடு உட்கார்ந்தபோது அந்தச் சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான விடைகள் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தன.

பிறகு ஆஷ் ஒரே ஒரு மாற்றம் செய்தார். கூட்டத்தில் ஒருவன் மட்டும் சரியான விடையைச் சொல்லும்படி வைத்தார். சாய்வு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கூட்டத்தின் அளவு கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது, வந்து சேர்ந்தது ஒரு துணை. அந்தத் துணை நடுவில் மனம் மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டபோது தவறுகள் மறுபடியும் பெருகின.

இதைக் கதையாகச் சொல்லுங்கள். கூடத்தில் நடத்திக் காட்ட வேண்டாம். அதற்கு யாரோ ஒரு பையனை எல்லார் முன்பும் ஏமாற்ற வேண்டியிருக்கும். நண்பர்கள் முன் ஒருவனை வெட்கப்படுத்திவிட்டு, நண்பர்கள் தரும் அழுத்தத்தைப் பற்றிப் பேசுவது நன்றாக இருக்காது. சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி போதும்: "உங்கள் வகுப்பில், உங்கள் விடுதியில், உங்களோடு சேர்ந்து நிற்கும் இரண்டாவது ஆள் யார்?"

நேரத்தைப் பிரிப்பது

மொத்தம் இருபத்தைந்து நிமிடம் பேசுங்கள், அதற்குமேல் வேண்டாம். கோட்டுச் சோதனையோடு தொடங்குங்கள், நான்கு நிமிடம். பின் கதை, எட்டு நிமிடம். அதன்பின் 18-ஆம் வசனம், ஆறு நிமிடம். மீதி ஏழு நிமிடம் ஒரே ஒரு எடுத்துக்காட்டுக்கு. முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கூட்டத்துக்கு அரைப்பக்கக் குறிப்போடு மட்டும் போங்கள். வசனங்களை மட்டும் வேதாகமத்தைப் பார்த்தே வாசிக்க வேண்டும். மனப்பாடமாகச் சொன்னால் அவர்கள் பக்கத்தைப் புரட்டிப் பின்தொடர மாட்டார்கள்.

கதை சொல்லும்போது வாத்தியப் பட்டியலை முழுதாக, நான்கு தடவையும் சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்பார்கள். நான்காவது தடவை, ராஜா இரண்டாம் வாய்ப்புக் கொடுக்கும் 15-ஆம் வசனத்தில், சிரிப்பு இருக்காது. அந்த வசனத்தில் சற்று நிதானியுங்கள். ராஜா உடனே சூளையில் போடவில்லை. "பணிந்துகொள்ள ஆயத்தமாயிருந்தால் நல்லது" என்று கொஞ்சம் தணிந்து கேட்கிறான். வாலிபர்கள் பெரும்பாலும் விழுவது மிரட்டலில் அல்ல, இந்த இடத்தில்தான். "இந்த ஒரு தடவை மட்டும், எங்களுக்காக" என்று பாசத்தோடு கேட்கும் குரல் அது.

ஒரு எடுத்துக்காட்டை முழுதாக

பத்து எடுத்துக்காட்டுகளை ஒரு வரியில் அடுக்குவதைவிட ஒன்றை அடிமுதல் நுனிவரை எடுத்துச்செல்லுங்கள். நான் இங்கே ஒன்றைச் செய்து காட்டுகிறேன்.

கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எட்டுப் பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. உடன் படிக்கும் பெண் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த படத்தை ஒருவன் அவளுக்குத் தெரியாமல் எடுத்துக் குழுவில் போடுகிறான், கீழே ஒரு கேலி வரியோடு. அடுத்த நிமிடத்தில் சிரிப்புக் குறிகள் வரிசையாக விழுகின்றன. நம் ஐக்கியத்துப் பையனும் அந்தக் குழுவில் இருக்கிறான்.

இனி அதிகாரத்தோடு பொருத்துங்கள். வாத்தியச் சத்தம் எது? அடுத்தடுத்து விழும் அந்தச் சிரிப்புக் குறிகள். ஒவ்வொன்றும் "நீயும் போடு" என்கிறது. பணிவது எது? இவனும் ஒரு குறியைப் போடுவது. பேசாமல் இருப்பது பணிவதாகுமா என்று யாராவது கேட்பார்கள். நேர்மையாகச் சொல்லுங்கள்: தூராவில் நிற்கிறவனும் விழுகிறவனும் கண்ணுக்குத் தெரிந்தார்கள், குழுவில் பேசாதவன் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. படத்தைப் போட்டவன் அவனைத் தன் பக்கம்தான் எண்ணிக்கொள்வான்.

அடுத்து, பதில். 16-ஆம் வசனத்தில் மூவர் முதலில் சொன்னது, "இந்தக் காரியத்தைக்குறித்து உமக்கு உத்தரவு சொல்ல எங்களுக்கு அவசியமில்லை" என்பது. நீண்ட விளக்கமோ வாதமோ இல்லை. வாலிபர்களுக்கும் அதே அளவைக் கற்றுக்கொடுங்கள், இரண்டு வரி போதும்: "இது அவளுக்குத் தெரியாமல் எடுத்த படம், அழித்துவிடு. நான் இதில் இல்லை." வேதவசனம் அனுப்ப வேண்டாம், குழுவில் இருப்பவர்களின் குணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த இரண்டு வரியை நீங்கள் சொல்ல, கூடத்தில் எல்லாரும் ஒருமுறை சத்தமாகத் திருப்பிச் சொல்லட்டும். ஒருமுறை வாயால் சொல்லிப் பழகிய வாக்கியம் தேவையான நேரத்தில் வந்து நிற்கும். மனதுக்குள் வைத்தது வராது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எட்டுப் பேரில் தன்னைப்போலவே முகம் சுளித்திருக்கக்கூடிய ஒருவனைத் தனியாக அழைக்க வேண்டும். "நான் இதை எழுதப்போகிறேன், நீயும் ஒரு வரி போடுவாயா?" என்று கேட்க வேண்டும். அவன் மாட்டேன் என்றாலும் எழுதத்தான் வேண்டும். சரி என்றால் நிலைமை வேறாகிவிடும்.

கடைசியாகச் சூளை. இதை மறைக்காதீர்கள். அவனைக் குழுவிலிருந்து நீக்கலாம். கேன்டீனில் அவன் வந்தால் பேச்சு நின்றுபோகலாம். "பெரிய பரிசுத்தவான்" என்ற பட்டப்பெயர் மூன்று வருடமும் கூடவே வரலாம். படத்தைப் போட்டவன் திருந்தாமலே போகலாம். "விடுவிக்காமற்போனாலும்" என்பது இந்தப் பையனுக்கு இத்தனையும் சேர்ந்ததுதான். அதைத் தெரிந்தே எழுதுகிறான் என்றால் அவன் தூராவில் நிற்கிறான்.

ஆனால் நெருப்பின் நடுவில் நாலாம் ஆள் ஒருவர் உலாவினதை 25-ஆம் வசனம் சொல்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். மூவர் சூளைக்குத் தப்பவில்லை. சூளைக்குள் தனியாக விடப்படவுமில்லை. இதை நான் முழுமனதோடு நம்புகிறேன், ஆகவே தயங்காமல் சொல்லச் சொல்கிறேன். நண்பர்கள் திரும்பி வருவார்கள் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சொல்லக்கூடாத இரண்டு

முதலாவது, சிலை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இந்து நண்பர்களின் வழிபாட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவது. நம் ஊரில் இந்த அதிகாரம் மிக எளிதாக அந்தப் பக்கம் வழுக்கிவிடும். உங்கள் முன் இருப்பவர்கள் இந்து நண்பர்களோடு ஒரே பெஞ்சில் படிப்பவர்கள். சிலருடைய தாத்தா பாட்டி இந்துக்கள். இந்த அதிகாரத்தின் பிரச்சினை, ஒருவரது மனச்சாட்சியைச் சட்டமும் கூட்டமும் சேர்ந்து கட்டாயப்படுத்துவது. மூவர் தங்கள் பாபிலோனிய சகாக்களை இகழ்ந்து ஒரு சொல்லும் பேசவில்லை. திருவிழாவுக்கு அழைக்கும் நண்பனுக்கு மரியாதையாக என்ன பதில் சொல்வது என்று யாராவது கேட்டால், தனியாகப் பேசுங்கள்.

இரண்டாவது, ஆபத்தில் இருக்கும் ஒருவரை "நில்" என்று சொல்லிவிடுவது. அடி, ராகிங், பாலியல் தொல்லை, சாதிவெறியோடு வரும் மிரட்டல் ஆகியவற்றில் இடத்தைவிட்டு விலகுவது கோழைத்தனம் அல்ல. சவுலின் ஈட்டிக்குத் தாவீது விலகினான், ஓடினான். அதே தாவீதுதான் கோலியாத்தின் முன்னும் நின்றான். இதை இரண்டு வாக்கியத்திலாவது செய்திக்குள் சொல்லிவிடுங்கள்.

குழுவாகப் பேசும் நேரம்

செய்தி முடிந்ததும் மூன்று மூன்று பேராக உட்காரவையுங்கள், பதினைந்து நிமிடம். ஆண்கள் தனி, பெண்கள் தனி என்று பிரித்தால் இந்தத் தலைப்பில் அதிகம் பேசுகிறார்கள். கேள்வி இரண்டு போதும்: "எந்த இடத்தில் எனக்கு இது நேர்கிறது?" "அங்கே நான் சொல்லப்போகும் ஒரு வாக்கியம் எது?" இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொருவரும் வாக்கியத்தை வாயால் சொல்ல வேண்டும், மற்ற இருவர் கேட்க வேண்டும். பெரிய வட்டத்துக்கு வந்து எல்லார் முன்பும் பகிரும்படி யாரையும் கேட்காதீர்கள். சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதும் ஒருவகை அழுத்தம்தான்.

பேச்சினிடையே யாராவது கனமான ஒன்றைச் சொல்லலாம். "இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவருக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரியவந்தால், இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. ஆயரிடம் சொல்லிவிட்டதோடு அது முடியாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் குறிப்புத்தாளின் மேல் மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையைத் தனியாக அனுப்பாமல், நம்பத்தக்க பெரியவர் ஒருவர் உடனிருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியாகப் போயிற்றா என்று எப்படித் தெரியும்

கைகுலுக்கி "நல்ல செய்தி" என்று சொல்வதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். வெளியே போகும்போது இரண்டு பேர் தங்கள் கைப்பேசி எண்களை மாற்றிக்கொள்கிறார்களா, மூவர் குழு கலைந்த பிறகும் நின்று பேசுகிறதா என்று பாருங்கள். ஒருவர் வந்து, "நான் நின்றேன், ஆனால் ஒன்றும் நல்லது நடக்கவில்லை" என்று உங்களிடம் வருத்தப்பட்டால், 18-ஆம் வசனம் அவரை எட்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அதை ஐக்கியத்தில் சொல்லவே வெட்கப்பட்டிருப்பார். அவருக்கு மறுபடியும் ஒரு பிரசங்கம் செய்யாதீர்கள், கூட உட்கார்ந்து கேளுங்கள்.

அந்த வாரத்தில் புதன் அல்லது வியாழன் அன்று ஒவ்வொரு மூவர் குழுவிலும் ஒருவரை அழைத்து, மற்ற இருவரையும் அவர் அழைத்தாரா என்று விசாரியுங்கள். அழைக்காதவர்களின் பட்டியலைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டாம். நீங்களே ஒரு நிமிடம் அவர்களோடு பேசி, அடுத்த ஞாயிறு வரும்போது அந்த மூவரையும் ஒரே வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.